புகையை விட்டால் நுரையீரல் எவ்வளவு திரும்பும், இதயம் எவ்வளவு திரும்பும்?

கேள்வி: "அண்ணே, வயசு 49. 26 வருஷம் சிகரெட், நடுநடுவே சுருட்டு. விட்டு நாலு மாசம் ஆகுது. ஒரு வருஷம், அஞ்சு வருஷம், பத்து வருஷம் ஆனா நுரையீரலும் இதயமும் எவ்வளவு திரும்பும்? பத்து வருஷத்தில் புது நுரையீரல் ஆயிடும்னு இங்கே மோல்மீனில் ஒருத்தர் சொல்றார். எனக்கோ இப்பத்தான் இருமல் கூடியிருக்கு."

தம்பி, இதயமும் நுரையீரலும் ஒரே மாதிரி திரும்புவதில்லை. இதயம் உண்மையிலேயே திரும்புகிறது. முதல் வருடத்தில் வேகமாக, அப்புறம் மெதுவாக, பத்துப் பதினைந்து வருடத்தில் ஏறக்குறைய புகைக்காதவர் அளவுக்கு வந்துவிடும். நுரையீரல் அப்படியில்லை. அது ஓட்டை விழுந்த குடம் மாதிரி. நீங்கள் ஓட்டையை அடைத்துவிட்டீர்கள். இனி ஒழுகாது. ஆனால் ஏற்கெனவே ஒழுகிப்போன தண்ணீரில் ஒரு கை அளவுதான் திரும்பி வரும். "புது நுரையீரல்" என்று சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அதை நம்பி, ஒரு வருடம் கழித்துப் பரிசோதனைக்கு வந்து, முடிவைப் பார்த்து மனம் உடைந்து மறுபடியும் பற்றவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ரங்கூனில் நெஞ்சு நோய் கிளினிக் ஒன்றில் ஊதும் பரிசோதனை எடுப்பது என் வேலை. மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "இழுங்க, இழுங்க, இப்ப ஊதுங்க, விடாதீங்க, விடாதீங்க" என்று நாள் முழுக்கக் கத்துகிறவன். அந்த மெஷினுக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர். அது சொல்லும் பல எண்களில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு. முழு மூச்சு இழுத்து பலமாக ஊதும்போது முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பது ஒன்று. ரிப்போர்ட்டில் அதை எஃப்.இ.வி. ஒன் என்று போடுவார்கள். நான் முதல் நொடிக் காற்று என்றே சொல்கிறேன். கடைசி வரை ஊதி முடித்தால் மொத்தம் எவ்வளவு வருகிறது என்பது இரண்டாவது. மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்தை உறிஞ்சக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து ஊதும்போது முதல் எண் இரண்டாவதில் பத்தில் ஏழு பங்குக்குக் கீழே இருந்தால், குழாய்கள் நிரந்தரமாகக் குறுகிவிட்டன என்று பொருள். புகைத்தவர்களிடம் நாங்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

யாருக்கும் வயது ஏற ஏற இந்த முதல் நொடிக் காற்று குறையத்தான் செய்யும். வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடத் தொடாதவருக்கும் நடுவயதுக்கு மேல் வருடத்துக்கு 25 முதல் 30 மில்லி வரை இறங்கும். புகைப்பவர்களில் குழாய் குறுகத் தொடங்கியவர்களுக்கு அந்த இறக்கம் இரட்டிப்பாகிறது. இதை மிகத் தெளிவாக அளந்தது அமெரிக்காவிலும் கனடாவிலும் 1986-இல் தொடங்கிய நுரையீரல் நல ஆய்வு. லேசானதிலிருந்து நடுத்தரம் வரை குழாய்க் குறுக்கம் இருந்த 5,887 பேரை எடுத்துக்கொண்டு வருடாவருடம் ஊத வைத்தார்கள். புகையை அடியோடு விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் முதல் நொடிக் காற்று சராசரியாக 47 மில்லி ஏறியது. அதன் பிறகு வருடத்துக்கு 31 மில்லிதான் இறங்கியது. விடாமல் புகைத்தவர்களுக்கு வருடத்துக்கு 62 மில்லி. பதினோரு வருடம் கழித்து மறுபடி அளந்தபோதும் கதை அதேதான். விட்ட ஆண்களுக்கு வருடத்துக்கு 30 மில்லி, புகைத்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 66 மில்லி.

47 மில்லி என்றால் எவ்வளவு? நம் டீக்கடையில் வெறும் தேநீர் குடிக்கக் கொடுக்கும் கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் பாதியை விடச் சற்றுக் கூட. நுரையீரலுக்குத் திரும்பி வருவது அவ்வளவுதான். கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் லாபம் அதில் இல்லை, அதற்குப் பிறகு வருடாவருடம் இழக்காமல் விடும் 31 மில்லியில் இருக்கிறது. ஒருவரின் கணக்கைச் சொன்னால் புரியும்.

முகல் தெருப் பக்கம் ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் நம்மவர் ஒருவர். ரங்கூன் நகருக்குள் பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, உங்களுக்குத் தெரியும். பால்கனியிலிருந்து கயிறு கட்டி, நுனியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கீழே பேப்பர்காரர் மாட்டிவிட்டு மணியை ஆட்டினால் மேலே இழுத்துக்கொள்வார்கள். இவர் பேப்பருக்கு மட்டும் இருந்த அந்தக் கயிற்றில் காய்கறி, அரிசி, மருந்து எல்லாவற்றையும் இழுக்க ஆரம்பித்துவிட்டார். மாடி ஏற முடியவில்லை என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்காரம்மாதான் கயிற்றைப் பற்றிச் சொன்னார். வயது 50. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், 28 வருடம். அந்த மாதம்தான் விட்டிருந்தார்.

முதல் முறை ஊதியபோது மருந்துக்குப் பிறகு முதல் நொடிக் காற்று 2.10 லிட்டர். மொத்தம் 3.40 லிட்டர். வகுத்தால் 0.62. குழாய் குறுகிவிட்டது. அவர் உயரத்துக்கும் வயதுக்கும் இருக்க வேண்டியது சுமார் 2.80 லிட்டர். அதாவது எதிர்பார்ப்பில் நூற்றுக்கு 75. நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே போகும்போதுதான் பெரும்பாலானவர்களுக்குச் சமதரையில் நடப்பதே கஷ்டமாகிறது. அதனால் இவருக்கு இன்னும் கையிருப்பு இருந்தது.

ஒரு தாளை எடுத்து அவர் முன்னாலேயே கணக்குப் போட்டேன். விட்டுவிட்டால் ஒரு வருடத்தில் ஐம்பது மில்லி ஏறி 2.15. அப்புறம் வருடத்துக்கு 30 வீதம் இறங்கி ஐந்தாம் வருடம் 2.03. பத்தாம் வருடம், அறுபது வயதில், 1.88. பத்து வருடத்தில் எண் கீழேதான் போயிருக்கிறது, பாருங்கள். ஆனால் அறுபது வயதுக்காரருக்கு இருக்க வேண்டியதும் குறைந்து 2.50 ஆகியிருக்கும். 1.88-ஐ 2.50-ஆல் வகுத்தால் மறுபடியும் 75 சதவீதம். நின்ற இடத்தில் நிற்கிறார். புகைத்துக்கொண்டே இருந்தால் பத்து வருடத்தில் 620 மில்லி போய் 1.48. அது 60 சதவீதத்தைத் தொடவில்லை. எழுபது வயதுக்குக் கோட்டை நீட்டினால் விட்டவருக்கு 1.58, விடாதவருக்கு 0.86. ஒரு லிட்டருக்குக் கீழே வந்தவர்கள் எங்கள் கிளினிக்குக்கு ஆக்சிஜன் சிலிண்டரோடு வருகிறவர்கள். சட்டை பட்டன் போட்டுவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவர்கள். ஐம்பது வயதில் விட்டதன் பலன் எழுபது வயதில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, கணக்கு சொன்னபடி நடந்ததா? ஒரு வருடம் கழித்து வந்தார். ஊதினார். 2.04. ஏறவில்லை, இறங்கியிருந்தது. அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. "ஒரு வருஷம் வாயைக் கட்டினேனே, இதுக்குத்தானா?" என்றார்.

இந்த இடத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள், அதனால் கவனமாகக் கேளுங்கள். ஊதும் பரிசோதனை தராசு மாதிரி துல்லியமானது கிடையாது. ஒரே ஆள், ஒரே நாளில், ஒரே மெஷினில் மூன்று தடவை ஊதினாலே 100 மில்லி வித்தியாசம் வரும். மிக நல்ல இரண்டு ஊதல்கள் 150 மில்லிக்குள் ஒத்துப்போனால் போதும் என்றுதான் விதியே இருக்கிறது. சளி பிடித்திருந்தாலோ, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தாலோ, பல்செட் ஆடினாலோ, மெஷின் மாறினாலோ இன்னும் மாறும். நாம் தேடும் ஏற்றமோ 47 மில்லி. ஆயிரக்கணக்கானவர்களின் சராசரியில் அது தெரியும். தனி ஒருவரின் தாளில் ஒரு வருடத்தில் தெரியவே தெரியாது. அதனால் முதல் வருட எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், அழவும் வேண்டாம். மூன்று நான்கு எண்களைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால்தான் சாய்வு தெரியும். அவருக்கு இரண்டாம் வருடம் 2.13 வந்தது. ஐந்தாம் வருடம் 2.02. பத்தாம் வருடம் 1.90. முதல் நாள் நான் தாளில் போட்ட கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஆடி, கடைசியில் அதன் மேலேயே வந்து உட்கார்ந்தது.

ஆனால் அவருக்கு ஒரு வருடத்தில் ஒன்றும் மாறவில்லையா என்றால், நிறைய மாறியிருந்தது. காலையில் எழுந்ததும் கால் மணி நேரம் இருமிச் சளி துப்புவது போயிருந்தது. மூச்சில் விசில் சத்தம் இல்லை. மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி ஒரே ஒரு தடவைதான் வந்தது. மாடிப்படியில் மூன்றாம் மாடியில் ஒரு தடவை மட்டும் நின்று ஏறினார். மெஷினில் எண் மாறாமல் இதெல்லாம் எப்படி? நுரையீரலில் இரண்டு விதச் சேதம் இருக்கிறது. ஒன்று குழாயின் உள்சுவர் வீங்கிச் சளி சுரப்பது. அது ஆறும். இன்னொன்று, குழாயின் முனையில் இருக்கும் காற்றுப் பைகளின் மெல்லிய சுவர்கள் அரித்துப்போய், பல சின்னப் பைகள் சேர்ந்து ஒரே பெரிய தொளதொளப் பையாகிவிடுவது. அந்தச் சுவர் மறுபடி முளைக்காது. வாழைச்சாறு, மஞ்சள் பால், சிடி ஸ்கேனைக் காட்டிவிட்டு விற்கும் எந்த "நுரையீரல் சுத்திகரிப்பு" மருந்தும் அதை முளைக்க வைக்காது. பணத்தைக் கொட்டாதீர்கள். ஆறக்கூடியது ஆறுவதால் உடம்புக்குச் சுகம் தெரிகிறது. ஆறாதது அப்படியே இருப்பதால் எண் மாறுவதில்லை.

உங்கள் இருமலுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. குழாயின் உள்ளே நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. வயலில் காற்றடித்தால் நெற்கதிர் சாய்வது மாதிரி ஒரே திசையில் அசைந்து, சளியையும் தூசியையும் தொண்டைக்கு ஏற்றிவிடுவது அவற்றின் வேலை. புகை அவற்றை முடக்கியிருந்தது. விட்ட சில வாரங்களில் அவை மறுபடி அசைய ஆரம்பித்ததும், கீழே தேங்கியிருந்ததெல்லாம் மேலே வருகிறது. அதனால் பலருக்கு முதல் சில வாரங்களில் இருமல் கூடும். அப்புறம் மாதங்களில் அடங்கிவிடும். ஆனால் உங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது, இன்னும் கூடுகிறது என்கிறீர்கள். அதை மயிரிழையின் தலையில் போட்டுவிட்டு நான் சும்மா இருக்க மாட்டேன். நாம் இருப்பது காசநோய் அதிகமுள்ள நாடு. இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமல் யாருக்கு இருந்தாலும் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். சளியில் ரத்தக் கோடு, காரணமில்லாமல் எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, குரல் கம்மிப்போய்த் திரும்பாமல் இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போங்கள். பழைய காசநோய்த் தழும்பு இருந்தாலும் முதல் நொடிக் காற்று குறைந்துதான் இருக்கும். அது புகையின் கணக்கில் சேராது, விட்டதால் திரும்பவும் செய்யாது. சின்ன வயதில் சிகிச்சை எடுத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒருவேளை ஊதிப் பார்த்து உங்கள் விகிதம் சரியாக இருந்தால், உங்கள் குழாய்கள் இன்னும் குறுகவில்லை. புகைப்பவர் எல்லாருக்கும் அது குறுகுவதில்லை. அப்படியானால் இழப்பின் வேகம் மற்றவர்களைப் போலவே ஆகிவிடும், இந்தக் கணக்கை வைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை.

நுரையீரல் புற்றுநோய் வேறு கணக்கு. விட்டு பத்து வருடத்தில், விடாமல் புகைப்பவருக்கு இருக்கும் ஆபத்தில் பாதி அளவுக்கு இறங்கும். புகைக்காதவர் அளவுக்கு அது முழுதாக இறங்குவதில்லை.

இப்போது இதயம். இதில் சொல்ல நல்ல சேதி நிறைய இருக்கிறது. காரணம், புகை இதயத்தைக் கெடுக்கும் வழிகளில் பாதி, அன்றன்றைக்கு நடப்பவை. புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கடைசி சிகரெட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளில் அது வெளியேறிவிடும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் புகையால் பிசுபிசுத்துப் போயிருக்கும். சில வாரங்களில் அது தணியும். ரத்தக்குழாயின் உள்தோல் தேவைப்படும்போது விரிந்து கொடுக்கும் தன்மையை இழந்திருக்கும். ஒரு வருடத்துக்குள் அது அளக்கக்கூடிய அளவுக்குத் திரும்புகிறது. மாரடைப்பு என்பது பெரும்பாலும் குழாயில் இருக்கும் கொழுப்புப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, வழி அடைபடுவது. உறைவதற்கான வேகம் குறைந்தாலே ஆபத்து பெரிதாகக் குறைந்துவிடும். அதனால்தான் முதல் வருடத்திலேயே, புகையால் கூடியிருந்த ஆபத்தில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது.

"கூடியிருந்த ஆபத்தில் பாதி" என்பதைப் பலர் மொத்த ஆபத்தில் பாதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குக்காக ஒரு எண்ணை வைத்துக்கொள்வோம். உங்கள் வயதில், உங்கள் ரத்த அழுத்தத்தோடு, புகைக்காதவர்கள் நூறு பேரில் பத்து பேருக்கு அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்பு வரலாம் என்று வையுங்கள். புகைப்பவர்களில் அது இருபது. கூடுதல் பத்து. ஒரு வருடத்தில் அந்தப் பத்தில் பாதி போனால் மீதம் பதினைந்து. அந்த அடிப்படைப் பத்து புகையால் வந்ததில்லை, அது விட்டாலும் இருக்கும். அதைக் குறைக்க ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று வேறு கதவுகளைத் தட்ட வேண்டும்.

ஐந்து வருடத்துக்கு ஃப்ராமிங்ஹாம் ஆய்வின் கணக்கை நான் நம்புகிறேன். அமெரிக்காவில் ஒரே ஊர் மக்களைத் தலைமுறைகளாகப் பின்தொடர்ந்த ஆய்வு அது. 2019-இல் வெளிவந்த கணக்கில் உங்களைப் போல அதிகம் புகைத்தவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அதிகம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் வீதம் இருபது வருடம் அல்லது அதற்கு மேல். விட்டு ஐந்து வருடத்துக்குள்ளேயே, விடாதவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 39 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. புகைக்கவே புகைக்காதவரோடு ஒப்பிட்டால், ஐந்து வருடம் தாண்டியும் மிச்சம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அது தேய்ந்துபோக பத்து முதல் பதினைந்து வருடம் ஆகிறது. ஒரு பிரிவினருக்கு 25 வருடம் வரைகூட ஆகியிருக்கிறது.

ஏன் முதல் பாதி ஒரே வருடத்தில் போகிறது, அடுத்த பாதி பத்து வருடம் இழுக்கிறது? ரத்தம் உறையும் தன்மை மாறுவது வேகமான வேலை. இருபத்தாறு வருடமாகக் குழாய்ச் சுவரில் படிந்தது கரைவது மெதுவான வேலை. படிவு முழுதாகக் கரைவதும் இல்லை, பெரும்பாலும் கெட்டியாகி அமைதியாகிறது. பழைய படிவோடுதான் நீங்கள் ஐந்தாம் வருடத்துக்கும் பத்தாம் வருடத்துக்கும் போகிறீர்கள்.

முகல் தெருக்காரர் கதையில் இது நடந்தது. நான்காம் வருடம், மாடி ஏறும்போது மறுபடி மூச்சு வாங்குகிறது என்று வந்தார். பழைய நுரையீரல்தான் கெட்டுவிட்டது என்று அவராகவே முடிவு செய்து, பக்கத்துக் கடையில் உறிஞ்சும் மருந்து வாங்கி இரண்டு மாதம் இழுத்திருக்கிறார். ஊத வைத்தேன். எண் போன வருடத்தை ஒட்டியே இருந்தது. அப்படியானால் மூச்சு ஏன் வாங்குகிறது? விசாரித்தேன். ஏறும்போது நெஞ்சின் நடுவில் யாரோ கையை வைத்து அழுத்துவது மாதிரி இருக்கிறதாம். இடது தாடை வலிக்கிறதாம். நின்றால் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறதாம். இது நுரையீரல் பேச்சே இல்லை. டாக்டரிடம் அன்றைக்கே அனுப்பினேன். ஆஞ்சியோகிராமில் ஒரு குழாய் நன்றாகக் குறுகியிருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். "விட்டு நாலு வருஷம் ஆச்சே, இப்ப எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். இப்போது வரவில்லை. முன்பே இருந்தது, இப்போது தெரிந்தது. நெஞ்சில் அடைப்பு உள்ளவர்களில் புகையை விட்டவர்கள், விடாதவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இறக்கிறார்கள் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு இருக்கிறது. குறைப்பு 36 சதவீதம். ஸ்டென்ட் வைத்த பின் அவருக்கு அந்த எண் மருந்துச் சீட்டை விட முக்கியமானதாக இருந்தது.

அதனால் ஒன்று சொல்கிறேன். விட்ட பிறகு சில வருடம் நன்றாக இருந்து, மறுபடி மூச்சு வாங்கினால் அதை "பழைய நுரையீரல்" என்று தள்ளிவிடாதீர்கள். ஏறும்போது வந்து நின்றால் போகிறதா, நெஞ்சில் இறுக்கம், தாடை, இடது கை, முதுகு என்று எங்காவது பரவுகிறதா, குளிர் வியர்வை வருகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இதயம். நிற்காமல் பத்து நிமிடம் தாண்டினால் ஊதும் பரிசோதனைக்கு வராதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நடுநடுவே சுருட்டு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கடந்து போக மனமில்லை. நம் ஊரில் தனப்பெ இலையில் சுற்றி, சோள மடலை வடிகட்டியாக வைத்த சுருட்டு லேசானது, மருந்து மாதிரி என்ற நம்பிக்கை பாட்டிமார் காலத்திலிருந்து இருக்கிறது. உள்ளே இருப்பது புகையிலையும் மரத்தூளும்தான், எரிந்தால் அதே கார்பன் மோனாக்சைடு. பழக்கமில்லாதவர் சுருட்டை வாயோடு நிறுத்துவார். வருடக்கணக்கில் சிகரெட் பிடித்தவர் சுருட்டுக்கு மாறினால் பழக்க தோஷத்தில் உள்ளே இழுத்துவிடுவார். மேலே சொன்ன எந்தக் கணக்கும் அடியோடு விட்டவர்களுக்குத்தான். நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி. குறைத்துக்கொண்டு போவதை இதயம் அவ்வளவாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. விட்டு, பிடித்து, மறுபடி விட்டு என்று இருந்தவர்களின் நுரையீரலும் விட்டவர்களுக்கும் விடாதவர்களுக்கும் நடுவேதான் நின்றது.

குன்யாவும் அப்படித்தான். சிகரெட்டை விட்டவர்கள் கை சும்மா இருக்க முடியாமல் முக்குக் கடையில் வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, அதோடு புகையிலை என்று மடித்து வாயில் ஒதுக்கிக்கொள்வதை நிறையப் பார்க்கிறேன். நுரையீரலுக்குப் புகை போகாது, உண்மை. முதல் நொடிக் காற்றின் கோடு சரியாகவே வரும். ஆனால் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் புகையிலை மெல்லுபவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. இதயத்தின் கணக்கு உங்களுக்குத் தொடங்கவே இல்லை என்று பொருள். வாய்ப் புற்றுநோய் அதற்கு மேலே. வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் ஏலக்காய் போடுங்கள். புகையிலை இல்லாத வெறும் வெற்றிலைப் பாக்கு என்றாலும் பாக்கு வாய்க்குக் கெடுதல், அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எடை கூடும், அதையும் எதிர்பாருங்கள். விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறுகிறது, அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். அந்த நாலைந்து கிலோ, விட்டதால் இதயத்துக்கு வந்த லாபத்தை அழித்துவிடுவதில்லை. ஆனால் நம்மவர்கள் சிகரெட் நேரத்தில் டீக்கடையில் கண்டென்ஸ்டு மில்க் டீயும் எண்ணெயில் பொரித்த இ ச்சா குவேயும் என்று இரண்டு மடங்காக்கிவிடுகிறார்கள். சர்க்கரை நோய் எல்லையில் இருந்தவர் அந்த வருடம் எல்லையைத் தாண்டிவிடுவார். விட்ட பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்ப்பது நல்லது.

உங்களுக்கு இப்போது செய்யச் சொல்வது இது. முதலில் இருமலுக்கு எக்ஸ்ரேயும் சளியும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். அது தெளிவானதும் ஊதும் பரிசோதனை எடுங்கள். மோல்மீனில் கிடைக்கவில்லை என்றால் ரங்கூனுக்கு வரும் வேலையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். சளி பிடித்திருக்கும் நாளில் வேண்டாம். உறிஞ்சும் மருந்து கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து எடுத்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஊதும்போது ஆறு நொடியாவது விடாமல் ஊத வேண்டும். மூன்றாம் நொடியில் இருமி நிறுத்தினால் மொத்தக் காற்று குறைவாகப் பதிவாகி, விகிதம் பொய்யாக நன்றாகத் தெரியும், குறுக்கம் மறைந்துவிடும். உயரத்தை அங்கேயே, செருப்பைக் கழற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்ன உயரத்தில் இரண்டு அங்குலம் கூடினாலும் உங்கள் சதவீதம் கீழே விழும். சில மெஷின்களில் ஐரோப்பியருக்கான அளவுகோல் போடப்பட்டிருக்கும், அதிலும் நம்மவர் சதவீதம் குறைத்துக் காட்டும். அதனால் வருடத்துக்கு வருடம் ஒப்பிடும்போது சதவீதத்தைப் பார்க்காமல் லிட்டர் எண்ணைப் பாருங்கள். முடிந்தால் அதே மெஷின், அதே நேரம்.

அந்த முதல் எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை அடுத்த எண்ணை அதன் கீழே எழுதுங்கள். நாலு எண் சேர்ந்த பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து கோடு போட்டுப் பார்ப்போம். ரத்த அழுத்தமும் அதே நோட்டில் இருக்கட்டும், நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.